இ-விசா தளம்: தாளை நம்புவதா, திரையை நம்புவதா?

2014 நவம்பர் 27 அன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டினருக்கு இந்தியா இணையவழி விசாவைத் திறந்துவிட்டது. அதுவரை பெரும்பாலோர் கடவுச்சீட்டைக் கையை விட்டுக் கொடுத்துவிட்டு, அது முத்திரையோடு திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று `indianvisaonline.gov.in/evisa` என்ற தளத்தில் படிவம் நிரப்பி, படம் ஏற்றி, அட்டையில் பணம் கட்டினால் சில நாளில் ஒப்புதல் மின்னஞ்சலில் வந்துவிடும். டொராண்டோ, லண்டன், சிட்னி, கோலாலம்பூர் என்று பரவிக் கிடக்கும் தமிழர்களில் பலர் சென்னைக்கோ திருச்சிக்கோ வருவது இந்த வாசல் வழியாகத்தான். கல்யாணம், காதணி விழா, மருத்துவமனை, சிதம்பரம், மாமாவின் எட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் இதே படிவம்.

பத்தாண்டுக்கு மேல் ஓடிய ஒரு பொதுச் சேவையை, அது இருப்பதே பெரிது என்று விட்டுவிடக் கூடாது. எடைபோட்டுப் பார்க்க வேண்டும். நான் வைக்கும் அளவுகோல் மூன்று கேள்விகள்தாம். படிவம் தடுக்கும்போது தவறு எங்கே என்று சாதாரண மனிதருக்குத் தெரிகிறதா? பணம் நடுவழியில் நின்றால் அது எங்கே நிற்கிறது என்று தெரிகிறதா? கையில் கிடைத்த ஒப்புதல் மெய்தானா என்று பிறர் தயவில்லாமல் உறுதிசெய்ய முடிகிறதா?

ஒரு விண்ணப்பத்தைக் கற்பனையாக எடுத்து இறுதிவரை நடத்திப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடியக் குடியுரிமை பெற்ற ஓர் அம்மா. ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். ஜனவரி 25 அன்று திருச்சியில் இறங்க வேண்டும். முப்பது நாள் சுற்றுலா விசா போதும். வந்திறங்கும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கட்டணமும் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முப்பது நாள் விசாவுக்கு முப்பது நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கவும் முடியாது. ஆக டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 21 வரை அவருக்குக் கதவு திறந்திருக்கிறது. அந்தத் தேதிகள் இந்திய நேரப்படி நகர்பவை. டொராண்டோவில் ஜனவரி 20 இரவு ஒன்பது மணி என்றால் டெல்லியில் 21 காலை ஏழரை. கடைசி நாள் நாளைக்குத்தானே என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கடைசி நாள் அங்கே விடிந்துவிட்டது.

படிவம் அவரை முதலில் தடுப்பது பெயரில். நம் வழக்கத்தில் தந்தை பெயர் முன்னாலும் வரும், பின்னாலும் வரும்; வீட்டில் அழைக்கும் பெயர் வேறு. படிவமோ குடும்பப்பெயர், இட்ட பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதச் சொல்கிறது. எது எந்தக் கட்டத்துக்கு என்ற குழப்பத்துக்குத் தீர்வு கடவுச்சீட்டிலேயே இருக்கிறது. படம் உள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று அம்புக்குறி நிறைந்த இரண்டு வரிகள் உண்டு. மேல்வரி இப்படி அமைந்திருக்கும்:

```
P<CANSURNAME<<GIVEN<NAMES<<<<<<
```

நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து, இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப்பெயர். பின்னால் இருப்பது இட்ட பெயர். கீழ்வரி கடவுச்சீட்டு எண்ணில் தொடங்கும். பூஜ்யமும் `O` எழுத்தும் அந்த வரியின் எழுத்துருவில் ஓரளவு வேறுபட்டுத் தெரியும். குடிவரவு அதிகாரியின் கருவி படிப்பதும் இந்த வரிகளைத்தான் என்பதால், படிவத்தை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. தளம் இதை எங்காவது ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கலாம். அது செய்யாததால் வரும் நட்டம் சிறியதல்ல: பணம் கட்டிய பிறகு பெயரையோ எண்ணையோ திருத்த வழி கிடையாது. புதிதாக விண்ணப்பித்து மறுபடியும் கட்ட வேண்டும். கட்டிய கட்டணம் திரும்பாது.

அடுத்த தடை குடியுரிமைக் கேள்வி. பிறப்பால் பெற்றதா, பின்னர் பெற்றதா என்று கேட்கிறது. பின்னர் பெற்றது என்றால் முந்தைய நாட்டைச் சொல்ல வேண்டும். இலங்கை என்று எழுதினால் சிக்கல் வரும் என்று அஞ்சிப் பிறப்பு என்று குறித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாத விபரீதம். பிறந்த ஊர் என்று கடவுச்சீட்டு ஒன்றைக் காட்டும்போது படிவம் வேறு கதை சொன்னால், சந்தேகத்தை நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். கடந்த மூன்றாண்டில் சார்க் நாடுகளுக்குப் போனதுண்டா என்ற கேள்வியும் அப்படித்தான்; இலங்கைக்குப் போய்வந்திருந்தால் ஆம் என்றே எழுத வேண்டும். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் குடிமக்களா என்று கேட்கும் இடத்தில் மட்டும் ஆம் என்ற பதில் பாதையையே மாற்றிவிடும். அப்படிப் பதில் சொல்பவர்கள் தூதரகம் வழியாக வழக்கமான விசாவுக்குத்தான் போக வேண்டும்.

படமும் ஆவணமும் ஏற்றும் பக்கத்தில்தான் பலர் சோர்ந்து எழுந்துபோகிறார்கள். முகப்படம் ஜேபெக் கோப்பாக, 10 கிலோபைட்டுக்கும் ஒரு மெகாபைட்டுக்கும் இடையில், அகலமும் உயரமும் சமமாக இருக்க வேண்டும். கண்ணாடி கூடாது, பின்னணி வெளிறியதாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டுப் பக்கம் பிடிஎஃப் கோப்பாக, 10 முதல் 300 கிலோபைட்டுக்குள். இப்போதைய கைப்பேசி எடுக்கும் பெரும்பாலான படங்கள் இந்த அளவைத் தாண்டிவிடும். அம்மாவின் மகள் படத்தைச் சதுரமாக வெட்டாமல் இழுத்துச் சதுரமாக்குகிறாள். தளம் ஏற்றுக்கொள்கிறது, முகம் அகன்று கிடக்கிறது. இயந்திரம் அளவைப் பார்த்தது, அவ்வளவுதான். பின்னால் அதிகாரி பார்த்து, மறுபடி ஏற்றச் சொன்னால் அதற்குள் நாள் போய்விடும். கடவுச்சீட்டுப் பக்கத்தை 300 கிலோபைட்டுக்குள் நசுக்கும்போதும் இதே அபாயம்: கோப்பு உள்ளே போய்விடும், அடியில் உள்ள இரண்டு வரிகள் படிக்க முடியாமல் மங்கியிருக்கும். ஏற்றியதும் அதைத் திறந்து, பெரிதாக்கி, அந்த வரிகளை நாம் கண்ணால் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வண்ணப் படத்தைக் குறைந்த அடர்த்தியில் மறுபடி வருடி எடுத்தாலே பெரும்பாலும் அளவு இறங்கிவிடும்.

முகவரியில் `#` போன்ற குறிகளோ, மொன்றியால் முகவரிகளில் வரும் `é` போன்ற எழுத்துகளோ இருந்தால் படிவம் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். வெறும் எழுத்தும் எண்ணுமாக எழுதினால் ஓடிவிடும். இடையில் எழுந்துபோனால் அமர்வு காலாவதியாகிவிடும் என்பதால், மேலே தெரியும் தற்காலிக விண்ணப்ப எண்ணை முதலிலேயே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். `Complete Partially Filled Form` என்ற பொத்தான் அந்த எண்ணைக் கொண்டுதான் பழைய படிவத்தைத் திறக்கும்.

முதல் கேள்விக்கு என் மதிப்பீடு இதுதான்: தளத்தின் விதிகள் நியாயமானவை, ஆனால் தவறைச் சொல்லும் முறை பழுதானது. கோப்பின் அளவு தவறு என்று சொல்லத் தெரிந்த தளத்துக்கு, படம் மங்கல் என்றும் பெயர் கட்டம் மாறியிருக்கிறது என்றும் சொல்லத் தெரியவில்லை. மலிவான பிழைகளை உடனே தடுக்கிறது; விலை அதிகமான பிழைகளைப் பணம் வாங்கும்வரை விட்டுவிடுகிறது.

பணத்துக்கு வருவோம். பல நாட்டவருக்கு முப்பது நாள் விசாவுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர், மற்ற மாதங்களில் 25 டாலர், ஓராண்டுக்கு 40, ஐந்தாண்டுக்கு 80. நாட்டுக்கு நாடு மாறும். இதன்மேல் வங்கிக் கட்டணம் சிறிதளவு சேரும். அம்மா 20 இரவு ஒன்பது மணிக்கு அட்டை எண்ணை இடுகிறார். ஓடிபி வருகிறது, இடுகிறார், சுற்றிக்கொண்டே இருந்த திரை வெறுமையாகிறது. கைப்பேசியில் வங்கியின் குறுஞ்செய்தி. மகள் பதறுகிறாள்: "அம்மா, காசு கழிஞ்சிட்டுது எண்டு பேங்க் சொல்லுது. இங்க கட்டேல்லை எண்டு காட்டுது. திருப்பிக் கட்டட்டே?"

கட்டக் கூடாது, உடனே கூடாது. ஏன் என்பதற்குப் பணம் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டை கொடுத்த வங்கி முதலில் அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. நடுவில் உள்ள கட்டண வாயில் அந்த ஒதுக்கீட்டைப் பெற்று, விசா தளத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி நம் உலாவியின் வழியாகத் திரும்பும்போது இணைப்பு அறுந்தாலோ, பொறுமையிழந்து பின்னோக்கிப் பொத்தானை அழுத்தினாலோ, வங்கிக்கும் வாயிலுக்கும் தெரிந்தது தளத்துக்குத் தெரியாமல் போகிறது. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஒதுக்கீட்டைச் சொல்வது. பணம் விசாக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அது சான்று ஆகாது. சேராத பணமென்றால் ஒதுக்கீடு சில நாளில் தானாகக் கலைந்துவிடும்.

இந்த இடைவெளியை மூடத் தளம் ஒரு வழி வைத்திருக்கிறது: `Verify Payment/Pay e-Visa Fee`. விண்ணப்ப எண்ணை இட்டு அதை அழுத்தினால் தளம் கட்டண வாயிலை மறுபடி கேட்கிறது. பணம் வந்திருந்தால் நிலை திருந்தி ரசீது வருகிறது. சில மணி நேரம் பொறுத்து இதைச் செய்ய வேண்டும். நிலை புதுப்பிக்கப்பட நேரமாகலாம் என்று தளமே சொல்கிறது. பொறுக்காமல் மீண்டும் மீண்டும் கட்ட முயன்றால் மூன்றாவது தோல்வியோடு அந்த விண்ணப்ப எண் முடங்கிவிடும். படிவத்தை முதலிலிருந்து நிரப்ப வேண்டும். நம் அம்மாவுக்கு அது 21-ம் தேதி முழுவதையும் தின்றுவிடும்.

பணம் போகவேயில்லை, வங்கியே மறுத்துவிட்டது என்பது வேறு நோய். இந்திய வணிகக் கணக்குக்கு வெளிநாட்டு அட்டையிலிருந்து இரவில் திடீரென்று ஒரு கட்டணம் போவதைப் பல வங்கிகள் மோசடியாகச் சந்தேகித்துத் தடுத்துவிடும். அப்போது ஒதுக்கீட்டுச் செய்தி வராது, மறுப்புச் செய்தி வரும். இதற்குத் தளத்தோடு போராடுவதில் பயனில்லை. அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்குப் பேசி வெளிநாட்டுக் கட்டணத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, இரண்டாவது முயற்சியைச் செய்யலாம். ஒதுக்கீடா மறுப்பா என்று பிரித்துப் பார்த்துவிட்டால், காத்திருப்பதா வங்கியை அழைப்பதா என்பது தானே விளங்கிவிடும்.

இந்த இரண்டாவது கேள்வியில் நான் தளத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். பணம் அறுந்துபோவது இணைய வணிகம் எங்கும் நடப்பது. அதைத் தேடிப் பார்க்க விண்ணப்பதாரருக்கே ஒரு பொத்தானைக் கொடுத்திருப்பது பாராட்டத்தக்கது. பணம் எங்கே என்று கேட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிவிட்டுக் காத்துக் கிடக்க வைக்கும் தளங்களே அதிகம். குறை, அந்தப் பொத்தான் தேவைப்படும் நேரத்தில் கண்ணில் படாததுதான். தோல்வித் திரையில் "உங்கள் வங்கி பணத்தை ஒதுக்கியிருக்கலாம், மறுபடி கட்டாதீர்கள், இங்கே சரிபாருங்கள்" என்று ஒரு வரி இருந்தால் எத்தனையோ இரட்டைக் கட்டணங்கள் நடந்திருக்காது. திரும்பாத கட்டணம் என்று விதி வைத்திருக்கும் ஓர் அரசுக்கு, மக்கள் இரண்டு முறை கட்டாமல் பார்த்துக்கொள்ளும் கடமை மற்றவர்களைவிடக் கூடுதல்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. போலித் தளங்களைப் பற்றி இந்திய அரசின் தளமும் தூதரகங்களும் ஆண்டாண்டாக எச்சரித்து வருகின்றன. ஆனால் அந்த எச்சரிக்கை எல்லாவற்றையும் போலி என்ற ஒரே குடுவையில் போட்டுவிடுகிறது. உண்மையில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, பணத்தை வாங்கிக்கொண்டு பொய்த்தாள் அனுப்புவது. இன்னொரு வகை, நம் விவரங்களை வாங்கி, அரசுத் தளத்தில் தானே விண்ணப்பித்து, மெய்யான ஒப்புதலையே பெற்று, பல மடங்கு விலைக்கு விற்பது. இரண்டாவது வகையில் தாள் மெய். ஆனால் கடவுச்சீட்டுப் படமும் பிறந்த தேதியும் பெற்றோர் விவரமும் யாரிடமோ போய்விட்டன. படிவத்தில் எழுதிய மின்னஞ்சல் முகவரி அவர்களுடையது. விண்ணப்ப எண்ணும் அவர்களிடம். குடியுரிமைக் கேள்விக்கு அவர்கள் என்ன பதில் எழுதினார்கள் என்பது நமக்குத் தெரியாது, கையொப்பம் மட்டும் நம்முடையதாகக் கருதப்படும்.

தாளைப் பார்த்து எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாது. சிங்க முத்திரை, படம், ஈ.டி.ஏ. எண், எல்லாவற்றையும் கணினியில் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். கியூஆர் குறியும் சான்றாகாது. அதை வரைந்தவர் எந்தப் பக்கத்துக்கு அனுப்ப விரும்பினாரோ அங்கேதான் அது நம்மை அழைத்துப்போகும், அந்தப் பக்கத்தில் பச்சை நிறத்தில் சரி என்று எழுதியிருக்கும். மின்னஞ்சலின் அனுப்புநர் பெயரையும் பொய்யாகக் காட்டலாம். ஆகவே சோதனை, வந்த எதிலிருந்தும் தொடங்கக் கூடாது. உலாவியில் முகவரியை நாமே தட்டச்சு செய்து, `Check Your Visa Status` பக்கத்தில் விண்ணப்ப எண்ணையும் கடவுச்சீட்டு எண்ணையும் இட வேண்டும். அங்கே `GRANTED` என்று வந்தால்தான் விசா இருக்கிறது. புறப்படுமுன் அந்த நிலையைத் தளத்தில் உறுதிசெய்துகொள்ளும்படி அரசும் சொல்கிறது.

முகவரியைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். `gov.in` என்று முடியும் பெயர்களை இந்திய அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும். `indianvisaonline.gov.in.example.com` என்ற முகவரியில் அரசின் பெயர் முழுசாக இருக்கிறது, ஆனால் அது முடிவது வேறிடத்தில். அந்தத் தளம் `example.com`-க்குச் சொந்தம். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பூட்டுப் படம் தெரிவது எதையும் நிரூபிக்காது. மோசடித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

அரசுப் பெயர் மாறாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கை 2012 முதல் `eta.gov.lk` என்ற தளத்தில் பயண அனுமதி கொடுத்துவந்தது. 2024 ஏப்ரல் 17 அன்று அந்தப் பணி வெளிநிறுவனங்களிடம் போய், முகவரி `srilankaevisa.lk` என்று மாறியது. சேவைக் கட்டணம் என்று கூடுதலாகவும் வாங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துப் பழைய முறைக்குத் திரும்பச் சொன்னது. அதை நிறைவேற்றாததற்காகக் குடிவரவுத் துறையின் தலைவரே செப்டம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பின்னரே பழைய தளம் மீண்டது. ஒப்பந்தம் சரியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாதங்களில், அரசுப் பெயரில் முடியாத முகவரியில் பணம் கேட்பவர் இடைத்தரகர் என்று கற்றிருந்த பயணிக்கு, கற்ற பாடமே பொய்யானது. இந்தியத் தளத்துக்கு எத்தனை குறை இருந்தாலும் இந்தக் கேட்டை அது செய்யவில்லை. `gov.in`-ஐ விட்டு அது நகரவில்லை என்பதை அதன் பெரிய பலங்களில் ஒன்றாக எண்ணுகிறேன்.

நிலை பார்க்கும் பக்கத்தில் `GRANTED` வந்துவிட்டது. அதோடு வேலை முடியவில்லை. ஒப்புதலை அங்கிருந்தே எடுத்து அச்சிட்டு, பெயர், கடவுச்சீட்டு எண், விசா வகை மூன்றையும் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். எண் ஒன்று பிறழ்ந்திருந்தாலும், ஒப்புதல் மெய்யாகவே இருந்தும் அது வேறொரு கடவுச்சீட்டுக்கானது. தேதியையும் சரியாகப் படிக்க வேண்டும். முப்பது நாள் விசாவில் அச்சிட்ட காலாவதித் தேதி, இந்தியாவுக்குள் நுழைவதற்கான கெடு. தங்கும் முப்பது நாள் வந்திறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். ஓராண்டு, ஐந்தாண்டு விசாவில் கணக்கு ஒப்புதல் தந்த நாளிலேயே தொடங்கிவிடும். ஸ்ரீரங்கத்துக் கல்யாணத்தோடு பிப்ரவரி நடுவில் இன்னொரு விசேஷத்துக்கும் இருந்துவிட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. இருக்கலாம்.

ஒப்புதல் வந்த காலத்தையும் ஒரு சோதனையாகக் கொள்ளலாம். 2023 செப்டம்பர் 21 அன்று கனடியர்களுக்கான விசாவை இந்தியா நிறுத்தியது. இ-விசா நவம்பர் 22 அன்றுதான் திரும்பியது. அந்த இரண்டு மாதத்தில் கனடியக் கடவுச்சீட்டுக்குப் புதிய இ-விசா எடுத்துத் தருவதாக யார் சொல்லியிருந்தாலும், இல்லாத பொருளைத்தான் விற்றிருப்பார்கள். தகுதிப் பட்டியலைத் தளத்திலேயே பார்த்துவிட்டால், தாளை ஆராய வேண்டிய அவசியமே சிலசமயம் வராது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். இந்திய இ-விசாத் தளம் நம்பத்தக்கது, ஆனால் எளியவருக்கு உகந்தது என்று சொல்ல மாட்டேன். சான்றை மக்கள் தாமே பார்க்க முடிவதும், பணத்தைத் தாமே தேட முடிவதும் அதன் சிறப்பு. அந்தச் சிறப்புகளைத் தெரியாத இடத்தில் வைத்து, பிழைகளைப் பிந்திச் சொல்வதால், படிவத்துக்கு அஞ்சும் மூத்தவர்களை அதுவே இடைத்தரகரிடம் தள்ளிவிடுகிறது. ஆகவே நான் பரிந்துரைப்பது: விண்ணப்பம் வீட்டில், சொந்த மின்னஞ்சலில், சொந்த அட்டையில் நடக்கட்டும், தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். முகவர் வழியாகத்தான் செய்ய வேண்டுமென்றால், பணம் கொடுக்குமுன் விண்ணப்ப எண்ணைத் தருவாரா என்று கேளுங்கள். தர மறுப்பவரிடம் மேலே பேச வேண்டாம்.

இங்கே தளத்திடம் ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலையைப் பார்க்க விண்ணப்ப எண் கட்டாயம் என்பதால், எண்ணை மறைக்கும் முகவரிடம் சிக்கியவர் தன் பெயரில் உள்ள விசாவைத் தானே பார்க்க முடியாமல் போகிறார். கடவுச்சீட்டு எண் மட்டும் போதும் என்று திறந்துவிட்டால் பிறர் விவரத்தை எவரும் துழாவலாம் என்ற அச்சம் சரியானதே. ஆனால் கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, கடவுச்சீட்டு வழங்கிய நாள் மூன்றையும் கேட்டு, `GRANTED` அல்லது இல்லை என்று ஒற்றை விடை மட்டும் காட்டினால் அந்த அச்சம் பெரிதும் நீங்கும். அதுவரை, எண் கையில் இல்லாத பயணிக்கு மிஞ்சியிருப்பது `indiatvoa@gov.in` என்ற உதவி முகவரிக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுதான்.